போட்டோவில் இருக்கும் கால்குலேட்டர் என்ன மாடல், பரீட்சை ஹாலுக்குள் விடுவார்களா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செமஸ்டர் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் எனக்கு வருவதெல்லாம் கால்குலேட்டர் படங்கள்தான். பாதி படம் மங்கல், மீதியில் டியூப்லைட் வெளிச்சம் மாடல் பேர் மேலேயே விழுந்திருக்கும். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவர்கள் பையில் கேசியோ fx-991 வகைதான் இருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன்.

அண்ணா, இந்த போட்டோல இருக்கிறது என்ன மாடல்? ஹாலுக்குள்ள விடுவாங்களா?

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். மாடலை எந்த அளவுக்குத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைப் பரீட்சையின் விதிதான் சொல்லும். விதிகள் மூன்று மாதிரி எழுதப்பட்டிருக்கும். ஒன்று, கால்குலேட்டரே கூடாது. இரண்டு, இன்ன வசதி இருந்தால் கூடாது, உதாரணமாக ப்ரோக்ராமபிள் கூடாது. மூன்று, இந்தப் பட்டியலில் உள்ள மாடல்கள் மட்டும்.

முதல் வகை என்றால் படத்தைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது வகை என்றால் எந்தக் குடும்பத்துக் கால்குலேட்டர் என்று தெரிந்தால் போதும், கடைசி எழுத்து வரை தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது வகையில்தான் பேரின் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் முக்கியம். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டு அப்புறம் போட்டோ அனுப்புங்கள், பாதி வேலை மிச்சம்.

மாடல் பேர் எங்க போட்டிருக்கும்? எப்படி போட்டோ எடுத்தா தெரியும்?

முன்பக்கம் திரைக்கு மேலே, CASIO என்ற எழுத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும். பின்பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும், முன்பக்க எழுத்து தேய்ந்துபோன பழைய கால்குலேட்டர்களுக்குப் பின்பக்கம்தான் கை கொடுக்கும்.

மூடியைக் கழற்றிவிட்டு, மேசை மேல் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஃப்ளாஷ் போடாதீர்கள், திரைக்கு மேலே உள்ள தகடு பளபளப்பானது, வெளிச்சம் பட்டால் எழுத்து முழுக்க வெள்ளையாகிவிடும். கால்குலேட்டரை ஆன் செய்து ஏதாவது ஒரு பின்னத்தை அடித்துவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது, ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது. செல்ஃபி கேமரா வேண்டாம், சில போன்களில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும்.

பேர் சுத்தமா அழிஞ்சிருக்கு. அப்ப கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும். பேரை விட பட்டன்கள் நம்பகமானவை. நம் ஊரில் புழங்கும் 991-களில் நான்கு தலைமுறை இருக்கிறது, அவற்றைப் பிரிப்பதற்கு மேல்பகுதி பட்டன்களும் திரையும் போதும்.

MS வகையில் திரை இரண்டு வரிதான். மேல் வரியில் நீங்கள் அடித்த கணக்கு புள்ளி எழுத்தில் ஓடும், கீழ் வரியில் விடை பழைய டிஜிட்டல் கடிகார எண் மாதிரி துண்டு துண்டுக் கோடுகளாக வரும். பின்னத்துக்கான பட்டனில் a b/c என்று எழுதியிருக்கும், திரைக்குப் பக்கத்தில் S-V.P.A.M. என்ற எழுத்து இருக்கும். ES, ES PLUS வகையில் பின்னம் நோட்டில் எழுதுவது போல மேலும் கீழுமாக வரும், பின்னப் பட்டனில் இரண்டு குட்டிக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், கூடவே S⇔D என்று ஒரு பட்டன், மேலே NATURAL-V.P.A.M. என்ற எழுத்து. இந்த இரண்டு வகையிலும் MODE பட்டன் உண்டு.

EX வகையில் MODE போய் MENU வந்துவிட்டது, இடது பக்கம் OPTN என்று ஒரு பட்டன் இருக்கும், மேலே CLASSWIZ என்று போட்டிருக்கும். கடைசியாக வந்த CW-யிலும் CLASSWIZ உண்டு, ஆனால் MENU இல்லை, HOME இருக்கும், SETTINGS, CATALOG, TOOLS எல்லாம் தனித்தனிப் பட்டன்களாக இருக்கும், முக்கியமாக, சமக்குறிக்குப் பதில் EXE இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலே வேறு வேறு நிறத்தில் வந்திருக்கிறது, போன் கேமராவும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும்.

82-ம் 991-ம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? எப்படிப் பிரிக்கிறது?

உடம்பு ஒரே மாதிரிதான். SHIFT பட்டனுக்கு நேர் கீழே வருகிற வரிசையைப் பாருங்கள். fx-991ES PLUS-இல் அங்கே CALC, அதற்கு அடுத்து இன்டக்ரல் குறி. fx-82ES PLUS-இல் அதே இடத்தில் Abs, அடுத்து x³. போட்டோவின் மேல்பகுதியே வெட்டுப்பட்டிருந்தால் எண் பட்டன்களுக்கு வாருங்கள். 4-க்கு மேலே MATRIX, 5-க்கு மேலே VECTOR என்று பொடியாக எழுதியிருந்தால் அது 82 இல்லை.

MS வகையிலும் இதே கதைதான், 991MS-இல் CALC, ∫dx இரண்டும் உண்டு, 82MS-இல் இரண்டும் கிடையாது. படத்தை வைத்துத் தேடும் செயலிகள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன. அவை உருவத்தைப் பார்த்து ஒப்பிடுகின்றன, 82MS படத்தைக் கொடுத்தால் 991MS என்று அடித்துச் சொல்லும். செயலி சொன்ன பேரை எடுத்துக்கொண்டு CALC இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

570-ன்னு ஒண்ணு வெச்சிருக்கேன். அதுல எல்லா பட்டனும் 991 மாதிரியேதான் இருக்கு. அது என்ன?

கிட்டத்தட்ட அதேதான். fx-570MS-உம் fx-991MS-உம், fx-570ES PLUS-உம் fx-991ES PLUS-உம் செய்கிற கணக்கில் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் மின்சாரத்தில். 991-இல் திரைக்கு மேலே வலது பக்கம் சோலார் பட்டை இருக்கும், TWO WAY POWER என்று எழுதியிருக்கும். 570 முழுக்க பேட்டரியில் ஓடுவது, பட்டை இருக்காது. அமெரிக்காவில் இதே குடும்பம் fx-115 என்ற பேரில் விற்கிறது.

ப்ரோக்ராமபிள் கூடாது என்று மட்டும் சொல்லும் பரீட்சையில் 570-க்கும் 991-க்கும் எந்த வித்தியாசமும் இல்லை. பேர்ப்பட்டியல் வைத்திருக்கும் பரீட்சையில் இந்த வித்தியாசம் ஆளை வெளியே நிறுத்தும், அது பின்னால் வருகிறது.

சீனியர் விக்கிறாரு, போட்டோல மூடி பாதி மூடியிருக்கு, மேல ஒண்ணும் தெரியல. இதை வெச்சு என்ன சொல்ல முடியும்?

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். திரை தெரியவில்லை, பேரும் தெரியவில்லை. ஆனால் வலது ஓரத்தில் MODE SETUP தெரிகிறது, அதனால் EX-உம் CW-உம் இல்லை. நடுவில் S⇔D இருக்கிறது, அதனால் MS இல்லை. இடது ஓரம் CALC, பக்கத்தில் இன்டக்ரல், ஆக 82 இல்லை. 4-க்கு மேல் MATRIX என்று பாதி தெரிகிறது, முன்னால் சொன்னதோடு ஒத்துப்போகிறது. Prog என்ற எழுத்து எங்கேயும் இல்லை.

மிச்சம் நிற்பது 570ES, 570ES PLUS, 991ES, 991ES PLUS, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் 115ES PLUS. சோலார் பட்டை இருக்க வேண்டிய இடத்தை மூடி மறைத்திருக்கிறது, அதனால் இதற்கு மேல் இந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் அது ஊகம். உங்கள் கல்லூரிப் பரீட்சை விதி ப்ரோக்ராமபிள் கூடாது என்பது மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்தலாம், இந்த ஐந்தில் எதுவும் ப்ரோக்ராமபிள் இல்லை, தாராளமாக வாங்குங்கள். விதியில் மாடல் பேர் இருக்கிறது என்றால் காசு கொடுக்கும் முன் மூடி இல்லாமல் இன்னொரு படம் கேளுங்கள்.

ப்ரோக்ராமபிள்னா சரியா என்ன? என்னோடதுல CALC, SOLVE, இன்டக்ரேஷன் எல்லாம் இருக்கே, அது ப்ரோக்ராம் இல்லையா?

இல்லை. எத்தனை கணக்கு தெரியும் என்பது வேறு, நீங்கள் எழுதிக்கொடுக்கும் வேலையை ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னால் ஓட்டுமா என்பது வேறு. ப்ரோக்ராமபிள் கால்குலேட்டரில் பல படிகளை வரிசையாக எழுதி, ஓர் இடத்தில் சேமித்து, அணைத்துப் போட்டு நாளைக்கு ஆன் செய்தாலும் அதைக் கூப்பிட்டு ஓட்டலாம். இன்ன மதிப்பு வந்தால் இங்கே போ, இல்லாவிட்டால் திரும்பச் செய் என்றெல்லாம் எழுதலாம். வீட்டிலேயே ஒரு பாடத்தின் சூத்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட முடியும் என்பதுதான் தேர்வு நடத்துகிறவர்களின் கவலை.

991MS-இல் உள்ள CALC அப்படி இல்லை. ஒரே ஒரு கோவையை அடித்துவிட்டு CALC அழுத்தினால் மாறிகளுக்கு மதிப்பு கேட்கும், அவ்வளவுதான். வேறு கணக்குக்குப் போனாலோ, மோடு மாற்றினாலோ, அணைத்தாலோ அந்தக் கோவை போய்விடும். வீட்டில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. SOLVE, மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் எல்லாம் கம்பெனி உள்ளேயே வைத்த வேலைகள், நீங்கள் எழுதியவை இல்லை. A முதல் F வரை, X, Y, M ஆகியவற்றில் வைத்த எண்கள் மட்டும் அணைத்தாலும் இருக்கும். எண் தங்குவதால் மட்டும் அது ப்ரோக்ராமபிள் ஆகிவிடாது.

பேர்ல P இருந்தா ப்ரோக்ராமபிள்னு சூப்பர்வைசர் சொன்னாரு. ES PLUS-ல P இருக்கே?

அவர் சொன்னதில் பாதி சரி. fx-3650P, fx-5800P மாதிரி எண்ணை ஒட்டியே P வந்தால் ப்ரோக்ராமபிள்தான். PLUS என்ற சொல்லில் வரும் P-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிக்கல் என்னவென்றால் P இல்லாமலும் ப்ரோக்ராமபிள் உண்டு, fx-50FH II அப்படித்தான், ஹாங்காங் பக்கம் நிறையப் புழங்குவது.

அதனால் எழுத்தைப் பார்க்காமல் பட்டனைப் பாருங்கள். Prog என்று பட்டன் மேலோ அதற்கு மேலே உள்ள பொடி எழுத்திலோ இருக்கிறதா, P1 P2 P3 P4 என்று வரிசை தெரிகிறதா? இருந்தால் எடுத்துப் போகாதீர்கள். திரைக்குக் கீழே F1 முதல் F6 வரை பட்டன்கள் இருந்தால் அது கிராஃப் வரையும் கால்குலேட்டர், அதிலும் ப்ரோக்ராம் எழுதலாம்.

CW-ல EXE பட்டன் இருக்கு. EXE இருந்தா ப்ரோக்ராமபிள்தானே?

பழைய அனுபவத்தில் வந்த பேச்சு அது. ஒரு காலத்தில் கேசியோவில் EXE என்றாலே கிராஃப் கால்குலேட்டரோ ப்ரோக்ராமபிளோதான், அதனால் பழைய ஆட்கள் EXE-யைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். fx-991CW-இல் அது வெறும் சமக்குறி வேலையைத்தான் செய்கிறது, ப்ரோக்ராம் எழுத அதில் இடமே கிடையாது. f(x) என்று ஒரு சார்பை வைத்துக்கொண்டு மதிப்பு போட்டுப் பார்க்கலாம், அதுவும் ஒரு கோவைதான், பல படிகளாக எழுதும் ப்ரோக்ராம் இல்லை.

ஆனால் ஒன்று. ஹாலில் நிற்கிறவருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க பரீட்சை அன்றைக்கு நேரம் இருக்காது. புது மாடல் வாங்கியிருந்தால் முந்தின வாரமே தேர்வுப் பிரிவில் கால்குலேட்டரை நேரில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

EX-ல QR கோட் வருது, ஸ்ப்ரெட்ஷீட் இருக்கு. அது கூடாதுன்னு சொல்றாங்களே?

QR-ஐ அது திரையில் காட்டும், அவ்வளவுதான். SHIFT அழுத்தி OPTN அழுத்தினால் ஒரு கட்டம் வரும், அதை போனில் ஸ்கேன் செய்தால்தான் இணையத்தில் வரைபடம் தெரியும். கால்குலேட்டரில் வைஃபையோ புளூடூத்தோ கிடையாது, போன்தான் ஹாலுக்குள் வராதே. ஸ்ப்ரெட்ஷீட்டில் எண்ணும் சூத்திரமும் போடலாம், பாடத்தை எழுதி வைக்க முடியாது.

ஆக, ப்ரோக்ராமபிள் கூடாது என்ற விதிக்கு EX குற்றவாளி இல்லை. ஆனாலும் சில கல்லூரிகள் தங்கள் பங்குக்கு MS-உம் ES-உம் மட்டும்தான் என்று தனியாகச் சுற்றறிக்கை போடுவது உண்டு. அப்படி இருந்தால் அது பேர்ப்பட்டியல் விதி, அதில் தர்க்கம் பேசிப் பயன் இல்லை. என் சொந்தக் கருத்து, செமஸ்டருக்கு மட்டும் என்றால் 991MS அல்லது ES PLUS போதும், யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேட், ஜேஇஇ, ஐஇஎஸ், சிஏ எல்லாத்துக்கும் ஒரே 991 போதுமா?

போதாது. கேட்டுக்கு எந்தக் கால்குலேட்டரும் எடுத்துப் போகக் கூடாது, கணினித் திரையிலேயே ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வரும், மவுஸால் அழுத்த வேண்டும். ஜேஇஇ மெயினில் அதுவும் இல்லை, கையால்தான்.

யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வில், நாம் ஐஇஎஸ் என்கிறோமே அதில், விரிவாக எழுதும் தாள்களுக்கு மட்டும் ப்ரோக்ராம் வசதி இல்லாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டுபோகலாம், கொள்குறித் தாள்களுக்குக் கூடாது. ப்ரோக்ராமபிள் வைத்திருந்தால் அதை முறைகேடாகவே எடுத்துக்கொள்வார்கள், ஹாலில் பக்கத்து ஆளிடம் கால்குலேட்டர் கடன் வாங்குவதற்கும் தடை இருக்கிறது.

சிஏ தேர்வு தலைகீழ். அங்கே விதி ஆறு செயல்பாடு, பன்னிரண்டு இலக்கம், இரண்டு மெமரி, அதற்கு மேல் கூடாது. சத்தம் போடாத, வயர் இல்லாத, பேட்டரியில் ஓடுகிற சாதாரண கால்குலேட்டர்தான் வேண்டும். 991 எவ்வளவு எளிய மாடலாக இருந்தாலும் இந்த விதியில் அடிபடும். கடையில் வைத்திருக்கும் அந்தப் பெரிய பட்டன் கால்குலேட்டர்தான் இதற்குச் சரி, அதையும் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவுல எஃப்இ எழுதப் போறேன். ஊர்ல வாங்கின 570ES PLUS இருக்கு, எடுத்துட்டுப் போலாமா?

கூடாது. பொறியாளர் உரிமத்துக்கான எஃப்இ, பிஇ தேர்வுகளை நடத்தும் என்சிஇஇஎஸ் வைத்திருப்பது பேர்ப்பட்டியல் விதி. கேசியோ என்றால் மாடல் பேரில் fx-115 அல்லது fx-991 இருந்தாக வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்றால் TI-30X, TI-36X வகைகள். ஹெச்பி என்றால் HP 33s, HP 35s. அவ்வளவுதான் பட்டியல்.

570ES PLUS செய்கிற கணக்கு 991ES PLUS-இல் இருந்து ஒன்றும் வேறுபடாது என்று மேலே சொன்னேன், ஆனால் பேரில் 991 இல்லை, கதை முடிந்தது. மறுபக்கம், QR காட்டுகிற 991EX-உம் EXE வைத்த 991CW-உம் இங்கே செல்லும், பேரில் 991 இருக்கிறதே. அதே மாதிரி வேறு கம்பெனிக்காரன் 991 என்று எண் போட்டு அச்சு அசலாக ஒன்று விற்றால் அது செல்லாது, விதி கேசியோவின் 991 என்றுதான் சொல்கிறது. இந்தத் தேர்வுக்கு அனுப்பும் போட்டோவில் எனக்கு பட்டன் வேண்டாம், பேர் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

பையன் லண்டன்ல ஏ-லெவல் எழுதுறான். அங்க விதி எப்படி?

அங்கே தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பான ஜேசிக்யூ வைத்திருக்கும் விதி, வசதியை வைத்து எழுதப்பட்டது. குறியீட்டு இயற்கணிதம் செய்யக் கூடாது, அதாவது x-ஐ x ஆகவே வைத்துச் சமன்பாட்டைச் சுருக்கித் தரவோ வகைக்கெழுவை எழுத்தாகவே காட்டவோ கூடாது. வேறு கருவியோடு பேசக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது, சேமித்து வைத்த எழுத்தோ சூத்திரமோ எடுக்கக் கூடாது. 991EX, 991CW இரண்டையும் அங்கே பிள்ளைகள் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். வகைக்கெழு கேட்டால் அவை ஒரு புள்ளியில் எண்ணாகத்தான் விடை தரும், எழுத்தாகத் தராது, அதுதான் எல்லைக்கோடு. பேரில் CAS என்று இருக்கும் டெக்சாஸ் மாடல்கள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எல்லாரும் மறப்பது மூடியை. கேசியோ மூடியின் உட்புறம் அறிவியல் மாறிலிகளும் அலகு மாற்றங்களும் அச்சடித்த பட்டியல் இருக்கும், ஒளியின் வேகத்திலிருந்து எல்லாம் எண் போட்டு வரிசையாக. அச்சடித்த குறிப்பு உள்ள மூடி ஹாலுக்குள் கூடாது என்பது அங்கே விதி. நம் ஊரிலும் மூடியைத் திருப்பிப் பார்க்கும் கண்காணிப்பாளர்கள் உண்டு, அதுவும் மூடியில் பேனாவால் ஏதாவது கிறுக்கி வைத்திருந்தால் மாடல் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆன்லைன்ல பார்த்த படத்தை வெச்சு வாங்கலாமா?

விற்கிறவர் தானே எடுத்த படமா என்று முதலில் பாருங்கள். பளிச்சென்று வெள்ளைப் பின்னணியில், திரையில் அழகான ஒரு இன்டக்ரல் தெரிந்தால் அது கம்பெனி விளம்பரப் படம், உங்களுக்கு வரப்போகும் கால்குலேட்டரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தலைப்பில் 991ES PLUS என்று இருக்கும், படத்தைப் பெரிதாக்கினால் Abs தெரியும், அதாவது 82.

போலியும் நிறைய. படத்தில் போலியைப் பிடிப்பது கஷ்டம், கையில் வந்த பிறகு ES PLUS-ஆக இருந்தால் SHIFT-ஐயும் 7-ஐயும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ON அழுத்துங்கள். அசலில் DIAGNOSTIC என்ற சோதனைத் திரை வரும். வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். முக்கியமான எண்களை மெமரியில் வைத்திருந்தால் இதைச் செய்யும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹால் வாசல்ல மெமரியை அழிக்கச் சொன்னா என்ன பண்றது?

பதறாதீர்கள், சில அழுத்தல்தான். MS-இல் SHIFT, MODE, 3, =. ES PLUS-இலும் EX-இலும் SHIFT, 9, 3, =. CW-இல் SETTINGS-க்குள் போய் Reset, அதில் Initialize All.

அழித்த பிறகு கோண அளவு டிகிரிக்குத் திரும்பிவிடும். ரேடியனில் வைத்திருந்தவர்கள் இதைக் கவனிக்காமல் sin போட்டுவிட்டு ஒரு பக்கம் முழுக்கத் தப்பாக எழுதுவார்கள். உட்கார்ந்ததும் sin 30 அடித்துப் பாருங்கள், பாதி வந்தால் டிகிரியில் இருக்கிறீர்கள்.

எல்லாம் சரியா இருந்தும் ஹால்ல நிக்கிறவர் விடலைன்னா?

அந்த இடத்தில் அவர் சொல்வதுதான் சட்டம், வாக்குவாதத்தில் போவது உங்கள் நேரம். முதல் பதிலில் சொன்ன ஹால் டிக்கெட் வரியை அவரிடமே காட்டி, தலைமைக் கண்காணிப்பாளரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதில் முடிந்துவிடும். போன செமஸ்டர் விட்டார்கள் என்பது வாதமே இல்லை, விதி வருடத்துக்கு வருடம் மாறலாம், அதனால் இந்த வருட அறிவிப்பைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும்.

991EX, CW வைத்திருப்பவர்கள் பழைய MS ஒன்றைப் பையில் வெளியே வைத்துவிட்டுப் போவது நல்லது. எது எடுத்துப் போனாலும், வேலை செய்கிறதா என்று முந்தின நாள் ராத்திரியே பேட்டரியைப் பாருங்கள். சோலார் பட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், வெளிச்சம் குறைந்த ஹாலில் உள்ளே இருக்கும் LR44 செத்திருந்தால் திரை மங்கிக்கொண்டே போகும்.